லாக் ஸ்கிரீனில் தெரியும் முதல் வரி: தமிழில் மெயில் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயில் வந்ததும் போனைத் திறக்காமலே மூன்று விஷயங்கள் கண்ணில் படும்: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதற்குக் கீழே மெயிலின் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டு வரிகள். அந்த ஒன்றிரண்டு வரிகளை யாரும் தனியாகத் தேர்ந்தெடுத்துப் போடுவதில்லை. மெயிலின் உடலில் முதலில் எந்த எழுத்து வருகிறதோ, அதிலிருந்து இடம் தீரும் வரை மெயில் ஆப் பெரும்பாலும் எடுத்துக் காட்டுகிறது. முக்கியமானது எது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஒரே ஆள் எழுதுபவர்தான்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் டூமாஸ் தெருவில் சின்னதாக ஒரு விருந்தினர் இல்லம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் 14, சனிக்கிழமை காரில் வருகிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசரச் செய்தி ஒன்றே ஒன்று: கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். இருட்டும் நேரத்தில் வருபவர்கள் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாமல், ரயில் நிலையம் பக்கமாக வர வேண்டும். காலாப்பட்டு தாண்டும்போது காரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் போனை ஒரு பார்வை பார்த்தால், இது கண்ணில் பட வேண்டும்.

வழக்கமாகப் போகும் மெயில் எப்படித் தொடங்கும்?

"அன்புடையீர், வணக்கம். எங்கள் விருந்தினர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

மரியாதையான வரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போனில் "மனமார்ந்த" என்ற இடத்திலேயே இடம் முடிந்துவிடலாம். வழி பற்றிய செய்தி நான்காவது பத்தியில் உட்கார்ந்திருக்கும். வணக்கத்தையும் நன்றியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. செய்தியைச் சொல்லும் ஒரு வரியை மேலே வைத்துவிட்டு, அடுத்த வரியில் "அன்புடையீர், வணக்கம்" என்று தொடங்கலாம். மெயிலைத் திறந்து படிப்பவருக்கு அதில் எந்த மரியாதைக் குறைவும் தெரியாது. வயதில் பெரியவருக்கு எழுதும்போது மனசு கேட்கவில்லை என்றால், "வணக்கம் ஐயா," என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டு அதே வரியில் விஷயத்துக்கு வந்துவிடலாம்.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது இதே தவறு இன்னும் நீளமாக வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம், தெருவில் கழிவுநீர் தேங்குவதைப் பற்றி மாநகராட்சிக்கு மெயில் அனுப்புகிறது என்று வையுங்கள். பள்ளியில் படித்த கடித அமைப்பு அப்படியே மெயிலுக்குள் வரும். அனுப்புநர், அவர் முகவரி, பெறுநர், அவர் பதவி, பொருள், பார்வை, அதற்குப் பிறகு "ஐயா". பொறியாளரின் போனில் தெரிவது அனுப்புநரின் கதவு எண் வரைதான். கடிதத்தை முறைப்படி எழுதி பிடிஎஃப் ஆக இணையுங்கள். மெயிலின் உடலில் "மூன்றாவது குறுக்குத் தெருவில் கழிவுநீர் தேங்கி நிற்கிறது, கடிதமும் படங்களும் இணைப்பில்" என்று தொடங்குங்கள்.

சரி, விருந்தினர் இல்லத்துக்கு வருவோம். வணக்கத்தைக் கீழே தள்ளிவிட்டு, செய்தியை முதலில் வைத்து இப்படி எழுதினார்கள் என்று வையுங்கள்:

"டிசம்பர் 14 சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் வரும் விருந்தினர்கள் எங்கள் இல்லத்தின் வாசல் வரை வர இயலாது."

இலக்கணத்தில் பிழையில்லை. செய்தியும் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் போன் இதை எங்கே வெட்டும்? "எங்கள் இல்லத்தின் வாசல் வரை…" என்ற இடத்தில் வெட்டினால், படிப்பவருக்குக் கிடைப்பது நேர் எதிர்ச் செய்தி. கடற்கரைச் சாலை வழியாக வாசல் வரை வரலாம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். இந்தத் தவறைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானது என்பேன், ஏனென்றால் இது தமிழ் போல வினை கடைசியில் வரும் மொழிகளுக்கே உரியது. ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளில் இது வராது. அங்கே வினை முன்னாலேயே வந்துவிடும், வால் வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் பொருள் நிற்கும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "முடியாது", "இல்லை", "ரத்து செய்யப்பட்டது", "உறுதி செய்யப்பட்டது" எல்லாம் வால் பக்கம்தான். "டிசம்பர் 14 அன்று இரண்டு பேருக்கான உங்கள் கடல் பார்த்த அறையின் முன்பதிவு…" என்று வெட்டுப்பட்ட வரியை வைத்துக்கொண்டு, அறை கிடைத்ததா போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு வழி, முதல் வாக்கியத்தை நான்கைந்து சொல்லில் முடிப்பது. வினை சீக்கிரம் வந்துவிடும். விவரங்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும், அது வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை:

"கடற்கரைச் சாலை மாலை 6-க்கு மூடப்படும். ரயில் நிலையம் பக்கமாக வாருங்கள். அறை தயாராக இருக்கும்."

முதல் வாக்கியத்தோடு வெட்டினாலும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவதோடு வெட்டினால் வழியும் சேர்ந்துவிடும். எழுதி முடித்ததும் விரலை வைத்துப் பின்பாதியை மறைத்துப் படித்துப் பாருங்கள். மீதி இருப்பது வேறு பொருளைத் தந்தால், வாக்கியத்தை உடைக்க வேண்டும். "ரத்து", "மாற்றம்", "உறுதி" போன்ற பெயர்ச்சொற்களை முன்னால் போடுவதும் உதவும். "அறை உறுதி. டிசம்பர் 14, இரண்டு பேர்" என்பது கொஞ்சம் தந்தி மாதிரி இருந்தாலும் லாக் ஸ்கிரீனில் நன்றாகவே நிற்கும்.

இத்தனை எழுத்துக்குள் எழுது என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்வதும் தமிழில் ஏமாற்றும். கணினி எண்ணுவது நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல. "வணக்கம்" நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 7 குறி. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும். அதற்கு மேல், ண, ஞ, ணை போன்றவை திரையில் அகலமாக இடம் பிடிக்கும். வயதானவர்கள் போனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருந்தால் இன்னும் குறைவாகத்தான் தெரியும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, முக்கியமானது முதல் ஐந்து சொல்லுக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

"நாளை" என்ற சொல்லையும் முதல் வரியில் தவிர்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு அனுப்பிய மெயில் சனிக்கிழமை காலையில்தான் கண்ணில் படும், அப்போது "நாளை" ஞாயிறு ஆகிவிடும். தேதியைப் போடுங்கள்.

இனி, நாம் எழுதாமலே முதல் வரியில் வந்து உட்கார்ந்துகொள்பவை. வேறு யாரோ அனுப்பியதை மேலே ஒன்றும் எழுதாமல் ஜிமெயிலில் அப்படியே ஃபார்வர்டு செய்தால், முன்னோட்டத்தில் `---------- Forwarded message ---------` என்ற கோடுதான் தொடங்கும். மேலே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அழைப்பிதழையோ அறிவிப்பையோ படமாக மட்டும் போட்டு அனுப்பினால், எடுத்துக்காட்ட எழுத்தே இருக்காது. வடிவமைத்த மெயிலாக இருந்தால், மேலே இருக்கும் `View in browser` இணைப்போ, லோகோ படத்துக்குக் கொடுத்த மாற்று உரையோ முதல் வரியாகிவிடும். அப்படிப்பட்ட மெயிலுக்கு, உடலின் தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியைச் சேர்ப்பது வழக்கம்:

```html
<body>
<div style="display:none;max-height:0;overflow:hidden;mso-hide:all;">
கடற்கரைச் சாலை மாலை 6-க்கு மூடப்படும். ரயில் நிலையம் பக்கமாக வாருங்கள்.
</div>
```

இதில் `mso-hide:all` என்பது விண்டோஸ் கணினியில் உள்ள அவுட்லுக்குக்காக. மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகளில் இந்த HTML வரிகளை நீங்கள் எழுத வேண்டியதில்லை, "preview text" என்று ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. போன மாத மெயிலை நகலெடுத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவார்கள். பெட்டி கண்ணில் படாது. டிசம்பர் மெயிலில் தீபாவளிச் சலுகை தெரியும். இன்னொன்று, மறைத்த வரியில் மட்டும் செய்தியைச் சொல்லிவிட்டு மெயிலுக்குள் சொல்லாமல் விடுவது. படித்தவர் உள்ளே போய்த் தேடினால் கிடைக்காது. மறைவில் இருப்பது வெளியிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் வரியிலேயே கொட்டிவிடவும் கூடாது. அதே விருந்தினர் இல்லம், இரவு தாமதமாக வருபவர்களுக்கு சாவிப் பெட்டியின் எண்ணை மெயிலில் தருகிறது என்று வையுங்கள். அந்த எண் முதல் வரியில் இருந்தால், சாப்பாட்டு மேசையில் கிடக்கும் போனைப் பார்க்கிற எவருக்கும் அது தெரியும். முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில், வேறெதையும் மாற்றாவிட்டால், உரிமையாளரின் முகம் தெரியும் வரை முன்னோட்டம் மறைந்தே இருக்கும் என்பது உண்மை. ஆனால் எப்போதும் காட்டும்படி பலர் மாற்றி வைத்திருப்பார்கள். "சாவி எண் உள்ளே இருக்கிறது" என்று மட்டும் மேலே சொல்லி, எண்ணைக் கீழே வையுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிவு, கடன் பாக்கி, மதிப்பெண் எல்லாவற்றுக்கும் இதுதான் முறை.

சப்ஜெக்டை வீணாக்குவது கடைசித் தவறு. ஆண்ட்ராய்டில் ஜிமெயில் நோட்டிபிகேஷன் சுருங்கிய நிலையில் பெரும்பாலும் பெயரும் சப்ஜெக்டும்தான் தெரியும், இழுத்து விரித்தால்தான் முதல் வரி வரும். அதனால் உயிரான விஷயத்தை முதல் வரியை மட்டும் நம்பி விடக்கூடாது. சப்ஜெக்டையே முதல் வரியில் திரும்பச் சொன்னாலும் இடம் பாழ். இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். சப்ஜெக்ட் "டிச. 14 அறை உறுதி. மாலை 6-க்கு மேல் கார் வரும் வழி" என்றால், முதல் வரி "கடற்கரைச் சாலை மூடப்படும். ரயில் நிலையம் பக்கமாக வாருங்கள்" என்று தொடரும்.

அனுப்புமுன், வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள். போன் பூட்டியே இருக்கட்டும். முடிந்தால் ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு, அதில் ஒன்று பெரிய எழுத்து வைத்திருக்கும் அப்பா, அம்மாவின் போனாக இருந்தால் நல்லது. மெயிலைப் பற்றி முன்பே தெரியாத ஒருவரிடம் அந்தத் திரையை மட்டும் காட்டி, "கார் எந்தப் பக்கமா போகணும்?" என்று கேளுங்கள். அவர் மெயிலைத் திறக்கப் போனாலோ, "கடற்கரைச் சாலை" என்றாலோ, முதல் வரியை மறுபடி எழுத வேண்டும்.