"வாங்க மறுத்தார்" என்று வந்தால் முதலில் போன் செய்யுங்கள்

கேஷ் ஆன் டெலிவரியில் பொருள் அனுப்பத் தொடங்கியவர்களைத் திணறடிப்பது திரும்பி வரும் பார்சல்கள்தான். போகவும் வரவும் கூரியர் கட்டணம் நம் தலையில்தான் விழும். அது ஒரு விற்பனையின் லாபத்தைப் போல இரண்டு மடங்கு என்றால், ஒரு பார்சல் திரும்பினால் இரண்டு விற்பனையின் லாபம் போய்விடும்.

முதல் வேலை, அனுப்புவதற்கு முன்னால். ஆர்டர் வந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்து, கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையையும் பார்சல் வந்து சேரும் நாளையும் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் உள்ள அடையாளம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் முயன்றும் எடுக்காதவரின் பார்சலைக் கட்டவே வேண்டாம்.

அடுத்தது, டெலிவரி தவறிய பிறகு. பெரும்பாலான கூரியர்கள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே கூரியரின் இணையப் பக்கத்தைத் தினமும் காலையில் திறந்து, தவறிய பார்சல்களின் காரணத்தைப் பாருங்கள். ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கே இருப்பது டெலிவரி ஊழியர் அவசரத்தில் தேர்ந்தெடுத்த ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒருமுறை நான் அனுப்பிய படுக்கை விரிப்புக்கு "வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்" என்று வந்தது. அழைத்துக் கேட்டேன். "நான் மறுக்கவே இல்லையே! ஆபீஸில் இருந்தேன். வீட்டில் மாமியார் மட்டும்தான். அவரிடம் சொல்லவும் இல்லை, பணமும் கொடுத்து வைக்கவில்லை" என்றார். உடனே கூரியர் பக்கத்தில் மறு டெலிவரி கேட்டு, "மாலை 6 மணிக்கு மேல்" என்ற குறிப்போடு இன்னொரு போன் எண்ணையும் சேர்த்தேன். மறுநாள் மாலை பார்சல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து டெலிவரி நாளன்று காலையில், "நீங்கள் வெளியே இருந்தால் வீட்டில் தொகையைக் கொடுத்து வையுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புகிறேன்.

"யாரும் வரவில்லை, போனும் வரவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால், அன்றைய அழைப்புப் பட்டியலின் படத்தை அவரிடம் வாங்கி, பொய்யான முயற்சி என்று கூரியரிடம் புகார் கொடுங்கள். பார்சல் திரும்பும் பயணத்தைத் தொடங்கிவிட்டால் அதைத் தடுப்பது மிகக் கடினம். அதனால் புகார் அன்றே போக வேண்டும்.

உண்மையிலேயே மனம் மாறியவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தாதீர்கள், இன்னொரு முயற்சியும் வீண்தான். காரணத்தை மட்டும் கேட்டு, போன் எண்ணோடு குறித்து வையுங்கள். அதே எண்ணிலிருந்து மீண்டும் ஆர்டர் வந்தால் முன்பணம் வாங்கிய பிறகே அனுப்புங்கள். ஒரே பொருளுக்கு "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்று மூன்று பேர் சொல்லிவிட்டால், அளவுகோலை அருகில் வைத்து அந்தப் பொருளை மறுபடியும் படம் எடுங்கள்.