மலையாள மெனு உள்ள போனில் டாக்பேக்கைத் தமிழ் பேச வைப்பது

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கடையில் வாங்கும் ஆண்ட்ராய்டு போனை மலையாளத்தில் செட் பண்ணிக் கொடுத்துவிட்டால், பார்வையில்லாத தமிழருக்கு மெனு முழுக்கப் புதிராகிவிடும். உடனே பலரும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கின் குரலை மட்டும் தமிழுக்கு மாற்றுவார்கள். அதைச் செய்யாதீர்கள். மெனு எழுத்து மலையாளமாகவே இருக்கும், தமிழ்க் குரலுக்கு அந்த எழுத்து தெரியாது. விரலை நகர்த்தினால் 'டிக்' சத்தம் வரும், பேச்சு வராது. மெனு மொழியை மாற்றினால் குரல் தானாகப் பின்னால் வரும்.

அது வருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 'க்ரமீகரணம்' என்பதுதான் செட்டிங்ஸ். அதற்குள் 'உபயோகசஹாயி', அதில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று கேட்கும் இடம். அங்கே 'பாஷ'வைத் திறந்தால் பட்டியலின் தலையில் 'சிஸ்டம் பாஷ உபயோகிக்குக' என்று வரும். அது தேர்வாகியிருக்க வேண்டும். வைஃபை இருக்கட்டும், தமிழ்க் குரல் போனில் இல்லையென்றால் இறங்க வேண்டியிருக்கும். பேச்சு இன்ஜின் கூகுளுடையதே போதும்.

இனி க்ரமீகரணத்தில் 'சிஸ்டம்', அதில் 'பாஷகள்'. 'பாஷ சேர்க்குக' என்பதை இருமுறை தட்டி, தமிழையும் இந்தியாவையும் தேர்ந்தெடுங்கள். எதுவும் மாறவில்லையே என்று பதற வேண்டாம். சேர்த்த மொழி பட்டியலின் அடியில்தான் உட்காரும், முதலிடத்தில் உள்ள மொழிதான் மெனுவில் வரும்.

சிக்கலே இங்கேதான். கண் தெரிந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுபோவார்கள். டாக்பேக்கில் அப்படி இழுக்க வேண்டியதில்லை. தமிழ் வரிசையில் நின்று, மூன்று விரலால் ஒருமுறை தட்டி, டாக்பேக் மெனுவில் 'ப்ரவர்த்தனங்கள்' என்பதைத் திறங்கள். அதில் 'முகளிலேக்கு நீக்குக' என்று கேட்கும். நம் காதுக்கு அழிப்பது போலத் தோன்றும். ஆனால் மலையாளத்தில் 'நீக்குக' என்றால் நகர்த்து. அழிப்பதற்கு 'நீக்கம் செய்யுக' என்பார்கள். அந்த 'நீக்கம்' காதில் விழுந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். தமிழ் முதலிடத்துக்கு வரும்வரை மேலே நகர்த்துங்கள். புதிய ஆண்ட்ராய்டில் உறுதி கேட்கும்: 'மாற்றுக' என்பதைத் தட்டுங்கள், 'ரத்தாக்குக' வேண்டாம்.

சில நொடிகளில் மெனு தமிழாகும், குரலும் கூடவே மாறும். மலையாளத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், அது இரண்டாவதாக இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

பின்சேர்க்கை: சாம்சங் போனில் இந்த நகர்த்தலே தேவையில்லை. மொழியைச் சேர்த்ததும், இப்போதுள்ளதை வைத்துக்கொள்வதா, புதியதை முதன்மையாக்குவதா என்று இரண்டு பட்டன் வரும். இரண்டாவதைத் தட்டினால் போதும்.