மணி உள்ளே இருக்கிறது, முத்து இல்லை: முத்துச்சிப்பிக்கு மணி பதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், முத்து வளர்ப்பதற்காகச் சிப்பிக்குள் மணி பதிக்கப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒரு தம்பியின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னால் ஈரப்பலகை. அதன் மேல் காலையிலேயே வெட்டி வரிசையாக அடுக்கிய திசுத் துண்டுகள், நூற்றுக்கும் மேல் இருக்கும். "அண்ணே, எல்லாத்தையும் முதல்லயே வெட்டி வச்சுட்டா அப்புறம் கை நிக்காம ஓடும்" என்றார். மதியத்துக்குள் ஓரத்தில் இருந்த துண்டுகள் சுருண்டு, மினுமினுப்பு போய், பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் அவர் ஊசியில் எடுத்து, மணியோடு சேர்த்துச் சிப்பிக்குள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு மாதம் காத்திருந்த பிறகுதான் எனக்குப் புரிந்த தவறு இது. கருவியைச் சுத்தமாக வைப்பது, செத்த சிப்பியை உடனே அகற்றுவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

திசுத் துண்டை வெறும் துணைப்பொருளாக நினைப்பது

முத்தை உண்டாக்குவது மணி இல்லை. மணி என்பது நன்னீர் மட்டியின் தடித்த ஓட்டிலிருந்து உருட்டி எடுத்த ஒரு வெள்ளை உருண்டை, அவ்வளவுதான். முத்துப்பூச்சைச் சுரப்பது நாம் அதோடு சேர்த்து வைக்கும் திசுத் துண்டு. அது வேறொரு சிப்பியின் மேன்டிலிலிருந்து, அதாவது ஓட்டின் உட்புறத்தை ஒட்டி விரிந்திருக்கும் மெல்லிய மடலிலிருந்து, எடுத்தது. மேன்டிலின் இரு முகங்களில் ஓட்டைப் பார்த்திருக்கும் முகத்தில் உள்ள செல்கள்தான் ஓட்டின் உள்பக்கப் பளபளப்பைச் சுரக்கின்றன. மணிக்கும் அதே வேலையை அவைதான் செய்ய வேண்டும்.

செய்முறை இதுதான். திசு தரும் சிப்பியைத் திறந்து மேன்டிலை நீளவாட்டில் ஒரு நாடாவாக எடுக்கிறோம். வெளி ஓரத்தில் கறுப்பாக மடிந்திருக்கும் பகுதியை வெட்டித் தள்ளுகிறோம், ஏனென்றால் அந்த ஓரம் சுரப்பது ஓட்டின் கரடுமுரடான வெளியடுக்கை. அது ஒட்டியிருந்தால் முத்து பழுப்பாக, ஒளி இல்லாமல் வரும். உள்பக்கத்துத் தடித்த தசையையும் நீக்குகிறோம். மிஞ்சிய மெல்லிய நாடாவில் உள்ள கோழையை ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்து, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக வெட்டுகிறோம். பிறகு மணி ஏற்கும் சிப்பியின் பாதத்தின் அடியில் சிறு கீறல் போட்டு, சினைப்பகுதிக்குள் ஒரு வழி உண்டாக்கி, மணியையும் துண்டையும் ஒன்றோடொன்று தொடும்படி வைக்கிறோம். ஓட்டைப் பார்த்திருந்த முகம் மணியைப் பார்த்து இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் அந்தச் செல்கள் பெருகி, மணியின் மேல் படர்ந்து, சில வாரங்களில் அதைச் சுற்றிலும் மூடிவிடும். அதுதான் முத்துப்பை. அதன் பிறகே பூச்சு அடுக்கடுக்காக ஏறத் தொடங்கும். துண்டு செத்திருந்தாலோ மணியைத் தொடாமல் விலகியிருந்தாலோ பை உருவாகாது. சிப்பி மட்டும் மணியை உள்ளே வைத்துக்கொண்டு சாப்பிட்டு, வளர்ந்து, நன்றாகவே வாழும்.

இதில் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். மணி வெளியே தள்ளப்பட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். சிப்பி செத்தால் கூண்டிலேயே தெரியும். இந்தத் தவறு மட்டும் எதிலும் தெரியாது. எக்ஸ்ரேயில் வட்டமான மணி அழகாகத் தெரியும், நாமும் நம்பிக்கையோடு மாதாமாதம் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டே இருப்போம்.

அந்த ஐந்து கூடைகள்

ஒரே நாளில் இருநூறு சிப்பிகளுக்கு ஆறு மில்லிமீட்டர் மணி பதித்தேன். திசு முழுவதையும் காலையிலேயே வெட்டி வைத்திருந்தேன். பதித்த வரிசைப்படி நாற்பது நாற்பதாக ஐந்து கூடைகளில் போட்டு எண் கட்டினேன். அதற்குத் தனிக் காரணம் ஒன்றுமில்லை, கூடையின் அளவு அப்படி. ஆனால் அந்த எண்கள்தான் பிறகு என் கண்ணைத் திறந்தன.

பதினான்கு மாதம் கழித்துத் திறந்தோம். காலையில் பதித்த முதல் கூடையில் உயிரோடு இருந்தவை இருபத்தேழு. அதில் இருபத்திரண்டில் மணி தங்கியிருந்தது, பதினேழில் முத்து இருந்தது. மாலையில் பதித்த ஐந்தாவது கூடையில் உயிரோடு இருபத்தாறு, மணி தங்கியது இருபத்தொன்றில், முத்து மூன்றே மூன்று. மற்ற பதினெட்டு மணிகளும் நான் உள்ளே வைத்த அதே சுண்ணாம்பு வெள்ளையில், அன்று பதித்ததைப் போலவே, வெளியே உருண்டு வந்தன. உயிர் பிழைத்ததிலும் மணி தங்கியதிலும் இரண்டு கூடைக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் என் கத்தியையும் கையையும் குறை சொல்ல வழியில்லை. மாறியது ஒன்றுதான்: பலகையில் துண்டுகள் காத்திருந்த நேரம்.

மூன்றாவது கூடை வேறொரு பாடத்தைச் சொன்னது. அங்கே ஐந்தாறு சிப்பிகளில் வெறும் மணிக்குச் சற்றுத் தள்ளி, அரிசிக்குருணை அளவில் ஒரு கோணல் முத்து தனியாக இருந்தது. அதற்குள் மணி கிடையாது. துண்டு உயிரோடுதான் இருந்திருக்கிறது, ஆனால் மணியைத் தொடவில்லை. அது தனக்குத் தானே ஒரு சிறு பையைக் கட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தச் சிப்பிகளைப் பதித்தபோது கீறலில் பால் போன்ற திரவம் கசிந்தது நினைவுக்கு வந்தது. சினை முற்றியிருந்த சிப்பிகள் அவை. முட்டையும் திரவமும் வழிந்து துண்டை இடம் நகர்த்திவிட்டன.

ஆகவே வெறும் மணி மட்டும் வந்தால் முதலில் துண்டு செத்திருந்ததா என்று பாருங்கள். பக்கத்தில் குருணை முத்தும் இருந்தால் துண்டு விலகியிருக்கிறது.

இப்போது என் பழக்கம் இது: கால் மணி நேரத்தில் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு மட்டுமே வெட்டுகிறேன். பலகையை வடிகட்டிய கடல்நீரால் ஈரமாக வைக்கிறேன். நல்ல தண்ணீர் ஒரு துளி கூடப் படக் கூடாது, செல்கள் ஊதி வெடித்துவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே முகம் மேலே இருக்கும்படி கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசியில் எடுக்கும்போது எது எந்தப் பக்கம் என்று தெரியாது. கீறலில் பால் கசிந்தால் அந்தச் சிப்பியை மூடித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சினையை வெளியேற்றி ஓய்ந்த நிலையில் உள்ள சிப்பிதான் இதற்கு ஏற்றது.

அறுவடை வரை திறந்தே பார்க்காமல் இருப்பது

ஐம்பதாவது நாளை ஒட்டி ஒவ்வொரு கூடையிலிருந்தும் மூன்று சிப்பியை வெட்டிப் பாருங்கள். சினைப்பகுதியை மெல்ல அழுத்தினால், பை உருவாகாத மணி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பை உருவாகியிருந்தால் மெல்லிய சவ்வு ஒன்று மணியைப் பற்றிக்கொண்டிருக்கும். அதை உரித்தால் வெள்ளை போய், லேசான பழுப்போ மங்கிய மினுக்கமோ தெரியும். மூன்று சிப்பி போவதை நினைத்து வருந்த வேண்டாம். ஒரு கூடை முழுக்க வெறுமையாக இருப்பது அன்றைக்கே தெரிந்துவிட்டால் ஒரு வருட உழைப்பு மிச்சம். எனக்கு அன்று இது யாரும் சொல்லவில்லை.

சிப்பியின் வாயை அகலமாகத் திறப்பது

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மூடுதசை கிழிந்த சிப்பி தேறாது.

மயங்காத சிப்பியில் கை வைப்பது

மென்தால் போட்ட கடல்நீரில் அது தானாக வாய் திறக்கும் வரை பொறுங்கள்.

பெரிய முத்து ஆசையில் பெரிய மணி

சிறிய சிப்பி அதை வெளியே தள்ளிவிடும், அல்லது செத்துப்போகும்.

பொறுமை இல்லாமல் எடுப்பது

எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. சிப்பி இனம், மணியின் அளவு, நீரின் வெப்பம் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சிப்பியில், 1973இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து எடுக்கப்பட்ட அதே இனத்தில், மூன்று மில்லிமீட்டர் மணிக்கு மூன்று நான்கு மாதம் போதும். ஆறு, ஏழு மில்லிமீட்டர் மணி என்றால் பதினைந்து, பதினெட்டு மாதம் ஆகும். அதே இனத்தை வைத்து வளர்க்கும் ஜப்பானில் குளிர்நீர் என்பதால் பூச்சு மெதுவாக ஏறுகிறது. பெரிய சிப்பிகளான கருமுத்துச் சிப்பியிலும் தென்கடல் வெள்ளிமுத்துச் சிப்பியிலும் ஒன்றரை, இரண்டு வருடம் விடுகிறார்கள்.

ஆறு மில்லிமீட்டர் மணியில் ஒரு பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் பூச்சு ஏறினால் முத்து 6.8 மில்லிமீட்டர் ஆகும். ஐந்தாறு மாதத்தில் எடுத்ததும் வெளிப்பார்வைக்கு முத்துப் போலத்தான் இருக்கும். விளக்குக்குக் கீழே விரலில் மெல்ல உருட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மட்டி ஓட்டின் வரிகள் பட்டை பட்டையாக, ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் மங்கித் தெரிந்தால் பூச்சு மெல்லியது. துளையிடும்போது துளையைச் சுற்றிப் பொருக்கு பெயரும். இதை நகை வேலைக்காரர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். நீர் சூடாக இருக்கும்போது பூச்சு வேகமாக ஏறும், ஆனால் அதன் அடுக்குகள் தடித்து மினுக்கம் குறையும். நீர் குளிர்ந்த மாதங்களில் கடைசி அடுக்குகள் மெல்லியதாகப் படிகின்றன, முகத்தில் ஒளி கூடுகிறது. ஜப்பானில் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் எடுப்பது இதனால்தான். அதனால் கணக்கு முடிந்த மாதம் வெயில் உச்சத்தில் வந்து விழுந்தால், நான் கூண்டை இறக்காமல் நீர் குளிரும் வரை விட்டுவைக்கிறேன். அந்த நேரத்தில் கூண்டின் மேல் படியும் கொட்டலசையும் பாசியையும் மட்டும் வழக்கம்போல் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு கூடையிலிருந்து ஐந்து சிப்பியைத் திறந்து, விளக்குக்குக் கீழே உருட்டிப் பார்த்து, வரிகள் தெரியவில்லை என்றால்தான் மற்றவற்றில் கத்தி வைக்கிறேன்.