பட்டியல் இல்லாமல் ரேண்டம் இல்லை: சாம்பிள் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக அறிவியல் மாணவர்கள் ஆய்வேட்டில் ஆய்வு முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தை எழுதிவிட்டு ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்புவார்கள். எழுத்துப்பிழை, விடுபட்ட மேற்கோள் எல்லாம் கைடே பார்த்துக்கொள்வார். சாம்பிளை எப்படி எடுத்தோம் என்று சொல்லும் அந்த அரைப் பக்கத்தில்தான் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது, படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது.

பட்டியலே இல்லாமல் 'ரேண்டம்' என்று எழுதுவது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களைப் பற்றி ஒரு மாணவி ஆய்வு செய்திருந்தார். களப்பணி உண்மையாகவே நல்ல களப்பணி. தெரிந்த ஒரு காண்டிராக்டர் மூலம் இரண்டு விடுதிகளுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருந்தவர்களிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். ஆனால் ஆய்வேட்டில் எழுதியது இது: "எளிய சமவாய்ப்பு முறையில் 384 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்."

எளிய சமவாய்ப்பு என்றால் ஆய்வுக்குரிய எல்லோருடைய பெயரும் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும், அதிலிருந்து குலுக்கியோ ரேண்டம் எண்களை வைத்தோ எடுத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கே இருக்கிறது? பலருக்கு ஓட்டு சொந்த ஊரில், அதனால் வாக்காளர் பட்டியல் உதவாது. இ.எஸ்.ஐ. பதிவில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள் பலர் இருக்க மாட்டார்கள். கம்பெனி மஸ்டர் ரோலை மாணவர் கையில் யாரும் கொடுப்பதில்லை. வைவாவில் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "லிஸ்ட் யார்கிட்ட வாங்கினீங்கம்மா?" பதில் இல்லை. அதோடு மூன்றாம் அத்தியாயம் மட்டும் போகவில்லை. 'திருப்பூரில் உள்ள புலம்பெயர் தொழிலாளர்களில் இத்தனை சதவீதம்' என்று தொடங்கிய வாக்கியங்கள், கை-ஸ்கொயர் அட்டவணைகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நின்றன, எல்லாவற்றையும் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பட்டியல் இல்லாத மக்களை, ஒருவர் மூலம் அடுத்தவர் என்று பனிப்பந்து முறையில் தேடிப் போவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான், ஆனால் அதை இப்படி நியாயப்படுத்த வேண்டும்:

"இத்தொழிலாளர்களின் முழுப் பட்டியல் கிடைக்காததால் பனிப்பந்து முறை பின்பற்றப்பட்டது. ஒரே நட்பு வட்டத்துக்குள் சுழலாமல் இருக்க விடுதி, வாடகை அறை, தொழிற்சங்கம், மளிகைக்கடை என நான்கு இடங்களிலிருந்து தொடங்கப்பட்டது. ஒருவர் வழியாக மூவருக்கு மேல் சேர்க்கப்படவில்லை. விடுதியை விட்டு வெளியே வர அனுமதியில்லாத பெண்கள் இதில் குறைவாகவே உள்ளனர். எனவே முடிவுகள் நேர்காணப்பட்டவர்களைப் பற்றியவை, திருப்பூரின் எல்லாத் தொழிலாளர்களையும் பற்றியவை அல்ல."

நான்கு இடங்கள், மூன்று பேர் என்பதையெல்லாம் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்து அப்படியே நடந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்யும்போது சேர்க்கும் விஷயம் இல்லை இது.

384 எங்கிருந்து வந்தது?

கிரெஜ்சி–மார்கன் 1970-இல் வெளியிட்ட சாம்பிள் அளவு அட்டவணையிலிருந்து. பத்து லட்சம் பேருக்கு 384, பத்தாயிரம் பேருக்கு 370 என்று அதில் இருக்கும். அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்:

```
n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² ≈ 384
```

இதற்குள் இருப்பவை: 95% நம்பகம், 5% பிழை வரம்பு, ஒரே ஒரு விகிதத்தை மட்டும் மதிப்பிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக சாம்பிள் எளிய சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்டது என்ற நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் 384 பேரைப் பிடித்தாலும் 5% பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பனிப்பந்து முறையின் பக்கத்திலேயே இந்த எண்ணைப் போட்டு வைக்கிறார்கள், தேர்வாளர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

அதற்குப் பதிலாக உங்கள் கேள்வியிலிருந்து எண்ணுக்கு வாருங்கள். ஆண்களையும் பெண்களையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மொத்தம் எத்தனை என்பதை விட, பெண்கள் எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். 384-இல் பெண்கள் 30 பேர் மட்டும் என்றால் அந்த ஒப்பீடு அந்த 30 பேரை நம்பித்தான் நிற்கிறது. ஆழ்நேர்காணல் என்றால், எந்தக் கட்டத்தில் புதிய நேர்காணல்கள் புதிதாக எதையும் தரவில்லை என்பதைச் சொல்லி அங்கே நிறுத்தியதாக எழுதலாம்.

கூகுள் ஃபார்ம்

வாட்ஸப் குழுக்களில் லிங்க் அனுப்பியது ரேண்டம் ஆகாது.

பாடநூல் வரையறை

வேண்டாம். பனிப்பந்து முறை என்றால் என்ன என்று தேர்வாளருக்குத் தெரியும், நீங்கள் எந்தத் தெருவில் தொடங்கினீர்கள் என்பதுதான் தெரியாது.

மறுத்தவர்கள்

எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள், ஒரு மாதம் கழித்து ஞாபகம் வராது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவர்களும் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றதால் ஒதுங்கியவர்களும் தொடர்ந்து விடுபட்டிருந்தால், வேலை நேரத்தைப் பற்றி நீங்கள் சேகரித்த பதில்கள் உண்மை நிலையைவிட மென்மையாகத்தான் இருக்கும். அதை வரம்புகள் பகுதிக்குத் தள்ளாமல், சாம்பிள் பகுதியிலேயே அந்த எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள்.