கசிவுக்குப் பின் கியர் ஆயிலைப் பார்க்கும் முறை

சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும் ஆட்டோமேட்டிக் காரில் “Check Transmission” என்ற எச்சரிக்கை தோன்றி, அடியில் சிவப்பு ஆயில் ஒழுகினால், எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரங்கள் உருளாதபடி வண்டியை மேலேற்றிச் செல்லும் மீட்பு வாகனத்தை அழைப்பதே நல்லது. கசிவை அடைத்து ஆயில் ஊற்றிய பின், ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான கார்களில், எஞ்சின் சூடாகி ஓடும் நிலையில், சமதளத்தில், பிரேக்கை அழுத்தியபடி எல்லா கியர்களுக்கும் மாற்றி, ‘P’யில் வைத்து அளவு பார்க்க வேண்டும் (சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகு; கையேடு சொல்வதே சரி). டிப்ஸ்டிக்கில் உள்ள மேல் அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைத்து, கியர் வழுக்கும்.

ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தால் தெளிந்த சிவப்பு நல்லது. கருகிய வாடையுடன் கரும்பழுப்பாக இருந்தால் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கலாம். பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்திருக்கும். அப்போது ஆயில் சேர்த்துப் பயனில்லை. டிப்ஸ்டிக் இல்லாத கார்களைப் பெரும்பாலும் லிஃப்டில் ஏற்றித்தான் அளக்க முடியும்.