பாலாறு ஜோக்கு 'ஆறு பால்' ஆன கதை: ஸ்கிரீன்ஷாட்ட விளக்கும்போது பண்ற தப்புங்க

எங்க தெருவுல லாட்ஜுங்க ஜாஸ்தி. வேலூருக்கு வைத்தியத்துக்குன்னு வங்காளத்துல இருந்து வந்து மாசக்கணக்குல தங்கியிருப்பாங்க. அதுல ஒரு தாதா (அவங்க பாஷைல தாதான்னா அண்ணன், நம்ம ஊரு தாதா இல்ல) போன வாரம் போனை நீட்டி இது இன்னான்னு கேட்டாரு. யாரோ வாட்ஸாப் குரூப்ல போட்ட ஸ்கிரீன்ஷாட்டு. அதுல இருந்தது இவ்ளோதான்:

"பேருதான் பாலாறு. பாலும் இல்ல, ஆறும் இல்ல, மனசும் ஆறல. #ஆறாதபாலாறு"

அவரு ஏற்கெனவே ஒரு ஆப்ல போட்டு பாத்துட்டாராம், அது 'ஆறு பால்'னு எண்ணிக்கையா குடுத்துருக்கு. நான் சிரிச்சுட்டு இங்கிலீஷ்ல மில்க் ரிவர்னு சொன்னேன், உடனே அவரு "மில்க் ஃபேக்டரி பக்கத்துல இருக்கா"ன்னு கேட்டாரு. அதுதான் நான் பண்ண முதல் தப்பு. மொழிபெயர்க்குற வரிக்குள்ளயே ஜோக்க திணிக்க பாத்தேன், அதனால அது ஒரு ஊர்ல ஓடுற நதியோட பேருங்குறதே அவருக்கு போய் சேரல.

பேர பேராவே விடணும். பாலாறுன்னு எழுதிட்டு, வரிய நேரா சாதாரணமா சொல்லி முடிச்சுட்டு, கீழ தனியா சிலேடைய பிரிச்சு வைக்கணும். அப்படி பண்ணப்போ இப்படி வந்துச்சு: பாலாறு எங்க ஊரு நதி, கர்நாடகாவுல நந்தி மலை பக்கம் பொறந்து ஆந்திரா வழியா இங்க வருது, வருஷத்துல பெரும்பாலும் மணல்தான். பேர பிரிச்சா பால், ஆறு. ஆறுன்னா நதி. அதே சொல்லு வினையா வந்தா சூடு தணியறது, புண் ஆறறது, மனசு ஆறறது. அதனால 'மனசும் ஆறல'ன்றது வேற வார்த்தை இல்ல, முன்னாடி வந்த ஆறே திரும்ப வருது, அங்கதான் ஜோக்கு. ஆப் புடிச்ச ஆறுங்குற எண்ணுக்கு இங்க வேலையே இல்ல. அகராதில இருக்குற எல்லா அர்த்தத்தையும் எழுதிட்டா நல்லதுன்னு சில பேரு நெனக்கிறாங்க, தப்பு, பதிவுல வேலை செய்யற ரெண்டு மூணு அர்த்தம் மட்டும் போதும்.

அடுத்து ஹேஷ்டேக். இதுலதான் நெறைய பேரு சறுக்குறாங்க. சிலர் அத குப்பைன்னு வெட்டிடறாங்க, சிலர் அதையும் மொழிபெயர்த்து முன்னாடி # போட்டுடறாங்க. வெட்டுனா முக்கியமான அடியே போச்சு, ஏன்னா ஆறாத புண், ஆறாத பால், ரெண்டும் அந்த ஒரு டேக்லதான் இருக்கு. மொழிபெயர்த்து # போட்டா அத தொட்டு தேடறவனுக்கு ஒண்ணும் கெடைக்காது, ஏன்னா அது புது டேக். அதனால மூல டேக்க எழுத்து மாறாம வெச்சு, பக்கத்துல # இல்லாம அர்த்தம் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்த டேக்க ஆப்ல ஒரு தடவ தேடிடுங்க. நூறு பேரு போட்டுருந்தா அது ஏதோ கோரிக்கையோட டேக், அந்த பின்னணியையும் சொல்லணும். இந்த ஒரு பதிவுல மட்டும் இருந்தா அது ஜோக்கோட வால்.

டேக்ல இடைவெளி விட முடியாது, அதனால எங்க பிரிக்கறதுன்றதே ஒரு பிரச்சினை. 2013 ஏப்ரல்ல பிரிட்டனோட முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் செத்தப்போ #nowthatchersdead ஓடுச்சு, அத now that chers deadனு வேற எடத்துல ஒடச்சு படிச்சவங்க பாடகி ஷெர் செத்துட்டாங்கன்னு பதறிட்டாங்க. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து போட்டா தப்பிக்கலாம், நம்ம எழுத்துல அது இல்ல, போதாததுக்கு சந்தி வேற ஒட்டிக்கினு நிக்கும். பாலாறுல ல் எங்க முடியுது ஆ எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கு தெரியாது. பிரிச்சு எழுதி காட்டிட்டுதான் அர்த்தம் சொல்லணும்.

ஸ்கிரீன்ஷாட்டுங்கறதால வர்ற தப்பு தனி. படத்துல இருந்து எழுத்த எடுக்குற ஆப் கால் ஒண்ண விட்டா 'ஆறாத' 'ஆறத' ஆகிடும், புள்ளி போனா 'பால்' 'பால' ஆகிடும், நீள டேக் ரெண்டு வரியா மடிஞ்சா பாதிய டேக்காவும் பாதிய வெறும் சொல்லாவும் எடுத்துடும். அதனால எடுத்தத படத்தோட எழுத்து எழுத்தா ஒத்து பாருங்க, சிலேடைல ஒரு எழுத்து போனா மொத்த ஜோக்கும் போச்சு.

தேதியும் பாருங்க. இந்த ஸ்கிரீன்ஷாட்ல மேல வெட்டிட்டாங்க, தேதி இல்ல. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு, அந்த வாரத்துல யாராச்சும் இத போட்டுருந்தா அது புலம்பல் இல்ல, வேற மாதிரி நக்கல். நான் தாதா கிட்ட தேதி தெரியல, வறண்ட காலத்துல போட்டதுன்னு வெச்சு சொல்றேன்னு சொல்லிட்டுதான் விளக்குனேன். "அப்போ படம் இருந்துருக்கணுமே"ன்னாரு. குரூப்ல மேல தேடுனா முழு படம் கெடச்சுது, மணல்ல ஒரு காலி பால் பாக்கெட்டு கெடக்குது.