ஷார்ப் விகிதம் போட்டும் ஏமாறும் இடங்கள்

தலவாக்கலையில் இருக்கும் மச்சான் ஒருவன் போன மாதம் ஹட்டனுக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து இரண்டு உத்திகளைக் காட்டினான். இரண்டுமே கொழும்புப் பங்குச் சந்தையில் மூன்று வருடம் ஓட்டியவை. முதலாவது, நன்றாக வியாபாரமாகும் பங்குகளை வாங்கி விற்பது. சராசரியாக மாதம் 3 சதவீதம், வருடத்துக்கு 36. இரண்டாவது, சிறிய பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகளை வாங்கி வைத்திருப்பது, மாதம் 1.75, வருடத்துக்கு 21. இலாபத்தை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் என்று முடிவு கட்டி எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவன் ஷார்ப் விகிதமும் போட்டிருந்தான், அதில் இரண்டாவது முன்னால் நின்றது. அங்கேதான் வேலை தொடங்கியது.

ஷார்ப் விகிதம் என்பது வில்லியம் ஷார்ப் 1966இல் முன்வைத்தது. கிடைத்த வருமானத்தில் ஆபத்தில்லாத வட்டியைக் கழித்து, மிஞ்சியதை ஏற்ற இறக்கத்தால், அதாவது நியம விலகலால் வகுப்பது. ஒரு அலகு ஆட்டத்தைத் தாங்கியதற்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்கிற கணக்கு.

முதல் தவறு கழிப்பதில். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்குக் கழிக்கிறார்களே, அதே மாதிரி இங்கே சும்மா இருந்தாலே கிடைத்திருக்கும் வட்டியைக் கழிக்க வேண்டும். அமெரிக்க உதாரணங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதைப் பூச்சியமாக விட்டுவிடுகிறார்கள். 2022 கடைசியில் நமது 364 நாள் திறைசேரி உண்டியல் வட்டி 29 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அந்த வட்டிக்கு முன்னால் 21 சதவீத இலாபம் இலாபமே இல்லை, நட்டம். வட்டி அப்புறம் வேகமாக இறங்கியது. அதனால் ஒரே எண்ணை எல்லா வருடத்துக்கும் கழிக்காமல், அந்தந்த மாத வருமானத்திலிருந்து அந்தந்த மாத வட்டியைக் கழிப்பதுதான் சரி. இங்கே கணக்கு லேசாக இருக்கட்டும் என்று வருடத்துக்கு 10 என வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, வருமானத்தை வருடக் கணக்காக்கிவிட்டு நியம விலகலை மாதக் கணக்கிலேயே விட்டுவிடுவது. மச்சானும் முதலில் இதைத்தான் செய்திருந்தான், முதல் உத்திக்கு 2.89 என்று வந்திருந்தது. அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டும். மாத வருமானத்தை 12ஆல் பெருக்கினால், மாத நியம விலகலை 12இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.46ஆல் பெருக்க வேண்டும். விரிதாளில் 36 மாத வருமானமும் B2 முதல் B37 வரை இருந்தால்:

```
=STDEV.S(B2:B37)*SQRT(12)
```

முதல் உத்தியின் மாத நியம விலகல் 9, வருடத்துக்கு 31.2. ஆகவே 26ஐ 31.2ஆல் வகுத்தால் 0.83. இரண்டாவதுக்கு மாதம் 2.5, வருடத்துக்கு 8.7, 11ஐ வகுத்தால் 1.27. திருத்திய பிறகும் இரண்டாவதுதான் முன்னால்.

ஆனால் சின்னப் பெருந்தோட்டப் பங்கு எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கும்? தேயிலை விலையும் டொலரும் மழையும் ஆட்டுகிற தொழில் அது. பட்டியலைத் தோண்டினால் விஷயம் வெளியே வந்தது: சில பங்குகள் பல நாட்களாக ஒன்றுகூடக் கைமாறவில்லை. கைமாறாத நாளில் பழைய விலையே மறுபடி பதிவாகிறது, மாற்றம் பூச்சியம், நியம விலகல் தானாகச் சுருங்குகிறது. ஆபத்து குறையவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், நமது சந்தையில் இந்த விகிதத்தை அதிகம் கெடுப்பது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மாத விலைக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விலையை எடுத்து நியம விலகலைப் பாருங்கள். மாதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஆடினால் அது 2.5ஐ 3இன் வர்க்கமூலத்தால் பெருக்கியதாக, சுமார் 4.3 ஆக வர வேண்டும். மச்சானுடையது 7 வந்தது. தாமதமாகப் பதிவான அசைவு காலாண்டில் சேர்ந்து தெரிகிறது. 7ஐ 4இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருடத்துக்கு 14. 11ஐ 14ஆல் வகுத்தால் 0.79. முன்னால் நின்றது பின்னால் போய்விட்டது.

சரி, 0.83 பெரிது, முதலாவதே வென்றது என்று சொல்லலாமா? அதுவும் தவறு. மூன்று வருடத் தரவில் இந்த விகிதத்துக்கே தோராயமாக 0.6 அளவு வழு உண்டு. 0.83உம் 0.79உம் ஒன்றுதான், முதலில் கிடைத்த 1.27ஐக்கூட உறுதியான வெற்றி என்று எடுக்க முடியாது.

மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டாவது உத்தியில் ஒரு பங்கில் பாதியைப் பரீட்சைக்காக விற்கப் போட்டான். ஒன்பது வியாபார நாட்கள் ஆனது, கடைசித் தொகுதி போனது திரையில் இருந்த விலையைவிட 8 சதவீதம் கீழே.